தொளதொள சட்டையை போட்டோஷாப்பில் கச்சிதமாக்கும்போது எங்கே கெடுகிறது, எப்படிச் சரி செய்வது

ஏற்காட்டுக்கு மேலே போய் எடுக்கிற கல்யாணப் படங்களில் அடிக்கடி வருகிற சிக்கல் இது. மாப்பிள்ளை ரெடிமேட் சட்டையை இன் பண்ணி நிற்பார், லேடீஸ் சீட்டிலோ பகோடா பாயிண்டிலோ காற்று அடிக்கும், பெல்ட்டுக்கு மேலே சட்டை இரண்டு பக்கமும் உப்பிக்கொள்ளும். நேரில் பார்த்தால் ஒல்லியான ஆள், படத்தில் மட்டும் வயிறு போட்டவர் மாதிரித் தெரிவார். ஆல்பத்தில் 12×36 ஷீட்டில் பெரிதாகப் போடப்போகிற படம் என்றால் அதைத் திருத்தியே ஆக வேண்டும்.

வேலை இரண்டு பாகம். முதலில் சட்டையின் ஓரத்தை உள்ளே தள்ளி உருவத்தைச் சரி செய்வது, அப்புறம் அதனால் நெருங்கிப்போன மடிப்புகளைச் சீராக்குவது. பலரும் முதல் பாகத்தோடு நிறுத்திவிடுகிறார்கள், அதனால்தான் ‘ஏதோ பண்ணியிருக்காங்க’ என்று பார்த்தவுடன் தெரிகிறது. இந்த வரிசையையும் மாற்றக் கூடாது. மடிப்பைத் திருத்திய லேயர் மேலே தனியாக உட்கார்ந்திருக்கும், அதன் பிறகு கீழே போய் ஓரத்தை மறுபடி நகர்த்தினால் மேலே செய்த ஒட்டு இடம் மாறி நிற்கும். ஓரம் முழுதாகத் திருப்தி ஆன பிறகுதான் மடிப்பில் கை வைக்க வேண்டும்.

ஒரு படத்தை வைத்தே சொல்கிறேன். காபி தோட்டத்தில் எடுத்தது, 6000×4000 பிக்சல், இடுப்புக்குக் கீழே கொஞ்சம் வரை ஆள் தெரிகிறார். வெளிர் நீல பிளெயின் சட்டை, முழுக்கை, இடது பக்கமிருந்து வெளிச்சம். பின்னால் மிளகுக் கொடி ஏறிய சில்வர் ஓக் மரங்கள் வரிசையாக நேராக நிற்கின்றன. அக்குளிலிருந்து பெல்ட் வரை சுமார் 900 பிக்சல். சட்டை இரண்டு பக்கமும் உடம்பை விட்டு ஏறக்குறைய 70 பிக்சல் வெளியே நிற்கிறது.

பின்னால் இருக்கிற மரம் வளைகிறது

சட்டையை நேரடியாக Liquify-க்குள் எடுத்துப்போய் Forward Warp Tool வைத்துத் தள்ளினால் முதலில் வருவது இதுதான். அந்தக் கருவிக்குச் சட்டை எது, மரம் எது என்று தெரியாது, பிரஷ் வட்டத்துக்குள் இருக்கிற எல்லாப் பிக்சலையும் சேர்த்தே இழுக்கும். சில்வர் ஓக் மாதிரி நேர்கோட்டு மரமோ, ஏரிக்கரைக் கம்பி வேலியோ, கட்டடத்தின் தூணோ பக்கத்தில் இருந்தால் அது இடுப்பைப் பார்த்து வளைந்து, பார்க்கிறவர் கண் நேராக அங்கேதான் போகும். பின்னால் வெறும் பனிமூட்டம் மட்டும் இருக்கிற படம் என்றால் இந்தப் பிரச்சினையே இல்லை, தாராளமாக நேரடியாகத் தள்ளலாம்.

பின்னணியை Freeze Mask போட்டு உறைய வைத்தால் போதும் என்று சொல்வார்கள். மரம் வளையாது, சரி. ஆனால் சட்டை உள்ளே போன இடத்தில் ஒரு காலி ஏற்படுகிறதே, அதை நிரப்ப உறைந்த பகுதிக்கும் சட்டைக்கும் நடுவில் இருக்கிற மெல்லிய பட்டை இழுபட்டு நீளும். இலையெல்லாம் கோடு கோடாகத் தேய்ந்து சட்டையைச் சுற்றி ஒரு மங்கல் வளையம் வரும். சின்னப் படத்தில் தெரியாது, பிரிண்டில் தெரியும்.

உறுதியான வழி, ஆளையும் பின்னணியையும் முதலிலேயே பிரித்துவிடுவது. Select Subject கொடுத்து, சட்டை ஓரத்தைக் கையால் ஒரு முறை சரிபார்த்து, Ctrl+J அடித்து ஆளைத் தனி லேயராக எடுங்கள். கீழே இருக்கிற படத்துக்கு ஒரு நகல் எடுத்து, அதில் சட்டையின் இரண்டு ஓரத்தையும் ஒட்டி உள்பக்கமாக 150 பிக்சல் அகலத்துக்கு மட்டும் பின்னணியை நிரப்புங்கள். ஆளை முழுதாக அழிக்க வேண்டியதில்லை, 70 பிக்சல்தான் வெளியே தெரியப்போகிறது. இலைப் பகுதிக்கு Content-Aware Fill ஓரளவு நன்றாகவே வரும். மரத்துக்கு அதை நம்பாதீர்கள், Clone Stamp எடுத்து, அதே மரத்தின் மேல்பகுதியில் Alt அழுத்தி மாதிரி எடுத்து, மரத்தின் ஓரம் நேராகத் தொடரும்படி கீழே பூசுங்கள். பிறகு ஆள் லேயரை Convert to Smart Object செய்து, அதன் மேல் Liquify. இப்போது எவ்வளவு தள்ளினாலும் மரம் மரமாகவே நிற்கும். உள்ளே Show Backdrop போட்டுக்கொண்டால் பின்னணியோடு சேர்த்துப் பார்த்துக்கொண்டே தள்ளலாம்.

ஓரம் அலை அலையாக வருகிறது

பிரஷ் சின்னதாக இருக்கிறது, அவ்வளவுதான் காரணம். 100 பிக்சல் பிரஷ் வைத்து 900 பிக்சல் நீள ஓரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளினால் ஒவ்வொரு தள்ளலும் ஒரு குழி ஆகிவிடும். இந்தப் படத்துக்கு 500 முதல் 700 வரை பிரஷ் அளவு, Pressure 20 முதல் 30 வரை வைத்தேன். பிரஷ் நடுப்புள்ளி ஓரத்தின் மேலேயே இருக்க வேண்டும், ஏனென்றால் நடுவில்தான் இழுவை அதிகம், வெளிவட்டத்துக்குப் போகப் போகக் குறையும். அங்கிருந்து உடம்பை நோக்கிக் குறுக்காகத் தள்ளுங்கள், ஓரத்தோடு சேர்த்து மேலும் கீழுமாக இழுக்க வேண்டாம். ஒரே இழுப்பில் 70 பிக்சலையும் முடிக்காமல் மெதுவாக மூன்று நான்கு தடவையாகப் போனால் நடுவிலேயே கண்ணுக்கு எது சரி என்று தெரிந்துவிடும்.

எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்குப் படத்திலேயே அளவு இருக்கிறது. அக்குள் ஒரு முனை, பெல்ட்டின் ஓரம் இன்னொரு முனை. பெல்ட் உடம்பை ஒட்டி இருக்கும், அது பொய் சொல்லாது. இந்த இரண்டையும் இணைத்து மனதில் ஒரு கோடு போட்டால் சட்டையின் புது ஓரம் அந்தக் கோட்டை ஒட்டிக் கொஞ்சம் வெளியே இருக்கலாம். பெல்ட்டுக்கு மேலே சட்டை பெல்ட்டைவிடக் குறுகிப் போனால் ஆளின் உடம்பையே வெட்டியதாக ஆகிவிடும், அது சட்டை திருத்தம் இல்லை. மாப்பிள்ளையைத் தெரிந்தவர்கள்தான் ஆல்பம் பார்க்கப்போகிறார்கள்.

அலை ஏற்கனவே வந்துவிட்டது என்றால் Show Mesh போட்டுப் பாருங்கள். வலைக்கோடுகள் ஒரே சீராக வளைந்திருந்தால் நல்லது, ஓரிடத்தில் முடிச்சு மாதிரி நெருங்கி இருந்தால் அங்கேதான் கோளாறு. அந்த இடத்தில் Reconstruct Tool வைத்துப் பழைய நிலைக்குக் கொண்டுவந்து, பெரிய பிரஷ்ஷால் மறுபடி தள்ளுங்கள். மேல் மேலே தள்ளி அலையை நேராக்கப் பார்த்தால் முடிச்சு இன்னும் இறுகும். அதற்காக ஓரத்தை ஸ்கேல் வைத்த மாதிரி நேராக்கியும் விடாதீர்கள். துணி ஓரத்தில் மடிப்பு வந்து முடிகிற இடத்தில் லேசான உடைவு இருக்கும், அது இரண்டு மூன்று இடத்தில் இருந்தால்தான் துணி.

கை ஒல்லியாகிவிட்டது, பட்டன் முட்டை வடிவமாகிவிட்டது

பெரிய பிரஷ்ஷுக்குக் கொடுக்கிற விலை இது. தள்ளுவதற்கு முன்பே கை, நடுவில் இருக்கிற பட்டன் பட்டி, பெல்ட், மூன்றுக்கும் Freeze Mask பூசிவிடுங்கள். பட்டன் பட்டி கொஞ்சம் வளைந்தாலும் ஆள் திரும்பி நிற்கிற மாதிரி ஆகிவிடும். மாஸ்க் ஓரம் மெதுவாகக் கரையட்டும், பெல்ட்டுக்கு மட்டும் கெட்டியாக இருக்கலாம்.

கையைத் தொங்கவிட்டு உடம்போடு ஒட்டி நிற்கிற படத்தில் இது போதாது. கைக்கும் சட்டைக்கும் நடுவில் இடைவெளியே இல்லை, சட்டை உள்ளே போனால் அங்கே என்ன தெரிய வேண்டும் என்று நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். கையைத் தனி லேயராக எடுத்து, சட்டையைத் தனியாகத் தள்ளி, நடுவில் கிடைக்கிற மெல்லிய சந்தில் பின்னணியைக் காட்டுவது நல்ல வழி. கைக்கும் இடுப்புக்கும் நடுவில் கொஞ்சம் வெளிச்சம் தெரிந்தாலே ஆள் ஒல்லியாகத் தெரிவார், அதனால் 70 பிக்சல் தள்ள வேண்டிய இடத்தில் 40 போதும் என்று ஆகிவிடும்.

ஓரம் சரியாகிவிட்டது, ஆனால் சட்டை கசங்கலாகத் தெரிகிறது

இங்கேதான் உண்மையான வேலை. தள்ளும்போது துணி குறையவில்லை, அதே துணி குறைந்த அகலத்தில் நெருக்கப்பட்டது. முன்பு 40 பிக்சல் அகலத்தில் மெதுவாக இறங்கிய நிழல் இப்போது 20 பிக்சலில் இறங்குகிறது. அதனால் சாதாரண மடிப்பு கத்தி மடிப்பு மாதிரி கூர்மையாகி, உருவம் கச்சிதமாக இருந்தும் துணி தொளதொளவென்றே பேசுகிறது. கச்சிதமான சட்டையில் ஓரப் பகுதியில் துணி மிச்சம் இருக்காது, மிச்சத் துணி இல்லாத இடத்தில் அவ்வளவு மடிப்பும் இருக்காது.

எல்லா மடிப்பையும் அழிக்கக் கூடாது. எந்த மடிப்பு எதனால் வந்தது என்று பாருங்கள். அக்குளிலிருந்து மார்பை நோக்கிச் சாய்வாக வருகிற குட்டி மடிப்புகள் கை அசைவால் வருபவை, அளவெடுத்துத் தைத்த சட்டையிலும் இருக்கும், அவற்றை விட்டுவிடுங்கள். முழங்கை மடிப்பும் அப்படித்தான். தோளிலிருந்து நேராகக் கீழே தொங்குகிற நீள மடிப்பு மிச்சத் துணியால் வருவது, அதை மங்கச் செய்ய வேண்டும். பெல்ட்டுக்கு மேலே தலையணை மாதிரி உருண்டு நிற்கிற படுக்கை மடிப்பு இருக்கிறதே, அதுதான் முழுக்கப் போக வேண்டியது. அந்த ஒன்று இருக்கிற வரைக்கும் ஓரத்தை எவ்வளவு தள்ளினாலும் சட்டை பெரிய சட்டைதான்.

இந்தப் படத்தில் இடது பக்க பெல்ட்டுக்கு மேலே இருந்த உருளையை எப்படி எடுத்தேன் என்று சொல்கிறேன். மேல்பக்கம் வெளிச்சம் பட்டு வெளுத்த ஒரு பட்டை, அதன் கீழே பெல்ட்டை ஒட்டி நீலம் கறுத்த ஒரு பட்டை, இரண்டும் சேர்ந்துதான் அந்த உருளை. எந்த மடிப்புமே இப்படி ஒரு வெளிச்சமும் ஒரு நிழலும் சேர்ந்த ஜோடிதான். எல்லாவற்றுக்கும் மேலே காலி லேயர் ஒன்று போட்டு, அந்த லேயரின் Blend Mode-ஐ Lighten ஆக்கி, Clone Stamp-இல் Sample என்பதை Current & Below ஆக்கி, Opacity 25 என்று வைத்தேன். Lighten-இல், எடுத்த மாதிரியைவிடக் கறுப்பாக இருக்கிற பிக்சல் மட்டும்தான் மாறும், மற்றதைத் தொடாது. அதே உயரத்தில் கொஞ்சம் உள்ளே தள்ளி, மடிப்பில்லாத துணியில் மாதிரி எடுத்து நிழல் பட்டையின் மேல் மெதுவாகப் பல தடவை போனதும் கறுப்பு இறங்கியது. அப்புறம் மேலே இன்னொரு காலி லேயர் போட்டு, அதன் Blend Mode-ஐ Darken ஆக்கி அதே மாதிரி வெளுத்த பட்டையை இறக்கினேன். இரண்டும் நடுத்தர நீலத்துக்கு வந்ததும் உருளை தட்டையாகிவிட்டது. பெல்ட்டை ஒட்டி மட்டும் மெல்லிய நிழல் ஒன்றை வேண்டுமென்றே விட்டேன், சட்டை பேன்ட்டுக்குள் போகிறது என்று காட்ட அது தேவை.

அதோடு முடியாது. இப்போது பக்கவாட்டுத் துணி அட்டை மாதிரித் தட்டையாக இருக்கும். உடம்பு உருண்டையானது, ஓரத்தை நோக்கிப் போகப் போக வெளிச்சம் மாற வேண்டும். ஒரு Curves லேயர் போட்டு லேசாகக் கீழே இழுத்து, மாஸ்க்கை Ctrl+I அடித்துக் கறுப்பாக்கி, பெரிய மென்மையான பிரஷ்ஷில் Flow 4 அல்லது 5 வைத்து ஓரத்தை ஒட்டி வெள்ளை பூசுங்கள். வெளிச்சம் இடமிருந்து வருவதால் வலது ஓரத்தில் அதிகமாக, இடது ஓரத்தில் பட்டும் படாமலும். இடுப்பு உள்ளே வளைகிற இடத்தில் அந்த நிழல் கொஞ்சம் அகலமாக இருந்தால் சட்டை உடம்பைப் பிடித்திருப்பது போலத் தெரியும். சட்டை தைத்தது போல ஆவது இந்த இடத்தில்தான், Liquify-இல் இல்லை.

மடிப்பு போன இடத்தில் கறை மாதிரி தெரிகிறது, அல்லது துணி பிளாஸ்டிக்காகிவிட்டது

கறை என்றால் ஜோடியில் ஒன்றை மட்டும் எடுத்திருக்கிறீர்கள். நிழலை நீக்கி வெளிச்சத்தை விட்டால் வெள்ளைத் தழும்பு, வெளிச்சத்தை நீக்கி நிழலை விட்டால் எண்ணெய்க் கறை. விட்டுப்போன பாதியைத் தேடிப்பிடித்து இறக்குங்கள்.

பிளாஸ்டிக் ஆவதற்குக் காரணம் வேறு. ஒரே இடத்தில் பல தடவை வெவ்வேறு மாதிரி எடுத்துப் பூசினால் நெசவு ஒன்றன் மேல் ஒன்று விழுந்து மழுங்கிவிடும். நிழல்-வெளிச்சம் சரியான பிறகு, புது லேயரில் Healing Brush எடுத்து, மார்புப் பகுதியில் கூர்மையாக இருக்கிற துணியை மாதிரியாக வைத்து ஒரே ஒரு தடவை பூசினால் நெசவு திரும்பி வரும், நிறத்தை அது சுற்றுப்புறத்தோடு பொருத்திக்கொள்ளும். ஆனால் ஓரத்துக்கு அருகே Healing Brush வேண்டாம். பக்கத்தில் இருக்கிற பச்சையையும் அது கணக்கில் எடுத்து நீலத்துக்குள் பாசி மாதிரி கசியவிடும். அங்கே Clone Stamp மட்டும், அதுவும் ஆள் லேயரின் சின்னப் படத்தை Ctrl அழுத்திச் சொடுக்கி, செலக்‌ஷன் போட்டுக்கொண்டு.

படம் முழுக்கவே மங்கலாகத் தெரிந்தால், Liquify-ஐ சாதாரண லேயரில் நாலைந்து முறை திறந்து திறந்து செய்திருப்பீர்கள். ஒவ்வொரு முறை OK கொடுக்கும்போதும் பிக்சல்கள் புதிதாகக் கணக்கிடப்படுகின்றன. Smart Object-இல் எத்தனை முறை திறந்தாலும் மூலப் படத்திலிருந்துதான் கணக்கு, அதனால்தான் முதலிலேயே அதைச் சொன்னேன்.

கட்டம் போட்ட சட்டை

இதற்கு மேலே சொன்ன வழி பாதிதான் உதவும். தள்ளினால் ஓரத்தில் கட்டங்கள் குறுகி, நடுவில் பெரிதாக இருக்கும். உடம்பு வளைவதால் ஓரத்தில் கொஞ்சம் குறுகுவது இயல்பு, ஆனால் பாதி அகலம் ஆனால் யாருக்கும் தெரியும்.

டெய்லர் சைடு பிடிக்கிறபோது துணியைச் சுருக்குவதில்லை, மிச்சத்தைத் தையலுக்குள் தள்ளிவிடுகிறார், வெளியே இருக்கிற கட்டம் அதே அளவில்தான் இருக்கும். அதையே செய்யுங்கள். Liquify வேண்டாம், ஆள் லேயருக்கு மாஸ்க் போட்டு, Pen Tool-இல் புது ஓரத்தை வரைந்து, அதற்கு வெளியே இருக்கிற சட்டையை மறைத்துவிடுங்கள். கட்டம் எதுவும் மாறாது. மாஸ்க் ஓரத்தை அரை பிக்சல், ஒரு பிக்சல் Feather கொடுத்து மற்ற ஓரங்களின் கூர்மையோடு பொருத்துங்கள், அப்புறம் மேலே சொன்ன Curves நிழல். இந்த முறையில் ஓர நிழல் கட்டாயம், ஏனென்றால் பழைய ஓரத்தில் இருந்த நிழலையும் சேர்த்து வெட்டிவிட்டோம். 20, 30 பிக்சல் வரைக்கும் பிளெயின் சட்டைக்கும் இது நல்ல வழி என்பேன், மடிப்பு நெருங்குகிற தொல்லையே வராது.

கட்டச் சட்டையில் மடிப்பை எடுப்பது கடினம். மடிப்பில் கோடு உடைந்து தள்ளி நிற்கும், அதை நேராக்கப் போனால் மொத்தச் சட்டையும் வரைய வேண்டியிருக்கும். நிழலை மட்டும் Curves-இல் பாதியாகக் குறைத்துவிட்டு உடைந்த கோட்டை அப்படியே விடுவதுதான் நியாயம்.

எல்லாம் சரி, ஆனாலும் பெரிய சட்டையாகவே தெரிகிறது

தோளைப் பாருங்கள். தோள் தையல் எலும்பு முனையைத் தாண்டிக் கையில் இறங்கி நின்றால், இடுப்பை எவ்வளவு பிடித்தாலும் அது அண்ணன் சட்டைதான். தையல் கோட்டைச் சுற்றி ஒரு துண்டை Lasso-வில் எடுத்து, Ctrl+J அடித்து, தோள் முனைக்கு நகர்த்தி, பழைய கோட்டைக் கீழே Clone Stamp-இல் மூட வேண்டும். பிளெயின் சட்டையில் பத்து நிமிட வேலை. அதே மாதிரி கஃப் கையைத் தாண்டித் தொங்கினால் அதையும் மணிக்கட்டுக்கு ஏற்றுங்கள்.

ஆள் நிழல் தரையிலோ சுவரிலோ தெளிவாக விழுந்திருந்தால் அதிலும் பழைய உப்பல் அப்படியே இருக்கும், அதையும் அதே அளவுக்கு உள்ளே தள்ளுங்கள்.

கடைசியாக, அதே ஷீட்டில் பக்கத்தில் வரப்போகிற படங்கள். ஒரு படத்தில் மட்டும் இடுப்பு கச்சிதமாக இருந்து, பக்கத்துப் படத்தில் அதே சட்டை உப்பி நின்றால் திருத்தாததே மேல். Save Mesh செய்து அடுத்த படத்தில் போடலாமா என்று கேட்பார்கள். ஆள் நிற்கிற இடமும் சாய்வும் கொஞ்சம் மாறினாலும் வலை பொருந்தாது, ஒவ்வொன்றையும் தனியாகத்தான் செய்ய வேண்டும். அதனால் ஷீட்டில் எந்த மூன்று படம் போகிறது என்று முதலில் முடிவு செய்துவிட்டு, சட்டை மிக மோசமாக உப்பியிருக்கிற படத்தை எடுத்து ஆரம்பியுங்கள். அதில் எவ்வளவு தூரம் இயல்பாகக் கொண்டுவர முடிகிறதோ அந்த அளவுக்கு மற்ற இரண்டையும் நிறுத்திக்கொள்ளலாம்.